டெய்லி ரெட்யூசிங்கா, மந்த்லி ரெஸ்ட்டா? வீட்டுக் கடன் வட்டியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட்டை நீட்டி என்னிடம் கேட்பவர்களுக்குச் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே கணக்கைத்தான் எடுத்திருக்கிறேன்: 30 லட்சம் கடன், 9% வட்டி, 20 வருடம், மாதத் தவணை 26,992 ரூபாய். நடுவில் வட்டி விகிதம் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் மாறும், ஆனால் அதையும் இதில் சேர்த்தால் சொல்ல வந்தது குழம்பிவிடும்.

டெய்லி ரெட்யூசிங், மந்த்லி ரெஸ்ட்னு சொல்றாங்களே, ரெண்டும் என்னதான்?

இரண்டிலுமே மீதி நிற்கும் அசலுக்குத்தான் வட்டி. "நீங்கள் கட்டிய பணத்தை எந்த நாளிலிருந்து அசலில் கழிக்கிறார்கள்" என்பது மட்டும்தான் வித்தியாசம். டெய்லி ரெட்யூசிங்கில் பணம் வந்த அன்றே நிலுவை குறைகிறது, அன்றிலிருந்தே குறைந்த நிலுவைக்குத்தான் வட்டி. மந்த்லி ரெஸ்ட்டில் மாதத் தொடக்கத்தில் என்ன நிலுவை இருந்ததோ அதற்கு மாதம் முழுக்க வட்டி. நடுவில் நீங்கள் 5ஆம் தேதி கட்டினாலும் 25ஆம் தேதி கட்டினாலும் அது கழிவது அந்த மாதக் கணக்கு முடியும் நாளில்.

கணக்குப் போடும் விதமும் வேறு. டெய்லியில் நிலுவையை 9 சதவீதத்தால் பெருக்கி 365ஆல் வகுத்து ஒரு நாள் வட்டியை எடுக்கிறார்கள்; 30 லட்சத்துக்கு அது சுமார் 740 ரூபாய். மந்த்லி ரெஸ்ட்டில் 12ஆல் வகுக்கிறார்கள், அதனால் மாதம் 28 நாளானாலும் 31 நாளானாலும் 22,500 ரூபாய்தான்.

தினமும் வட்டின்னா மீட்டர் வட்டி மாதிரி வட்டிக்கு வட்டி ஏறிக்கிட்டே போகுமா?

இல்லை. தினமும் கணக்குப் பார்க்கிறார்கள், ஆனால் தினமும் கடனில் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு நாளின் வட்டியும் தனியாகச் சேர்ந்துகொண்டே வந்து மாதக் கடைசியில்தான் ஒரே வரியாகக் கணக்கில் பற்று வைக்கப்படுகிறது. ஆகவே வட்டி அசலோடு சேர்வது இரண்டு முறையிலும் மாதத்துக்கு ஒரு தடவைதான். "தினசரி" என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து மந்த்லி ரெஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இதை இவ்வளவு முன்னாலேயே சொல்கிறேன்.

அப்ப டெய்லியில எவ்வளவுதான் மிச்சமாகும்? சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க.

நீங்கள் எந்தத் தேதியில் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதக் கணக்கு முடியும் அதே நாளில் தவணையும் போகிறது, நடுவில் கூடுதலாக எதுவும் கட்டுவதில்லை என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 31 நாள் மாதத்தில் டெய்லி கொஞ்சம் கூடும், பிப்ரவரியில் குறையும், வருடம் முடிந்தால் சரியாகிவிடும்.

தவணை 5ஆம் தேதி போகிறது, ஆனால் வட்டி மாதக் கடைசியில்தான் பற்றாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 1 அன்று நிலுவை 30 லட்சம். டெய்லி முறையில் 1 முதல் 4 வரை நான்கு நாளுக்கு 30 லட்சத்துக்கு வட்டி, 5 முதல் 30 வரை 26 நாளுக்கு 29,73,008 ரூபாய்க்குத்தான் வட்டி. மொத்தம் 22,019 ரூபாய் வருகிறது. அதே ஜூனில் தவணையை மாதக் கடைசியில்தான் கழித்திருந்தால் 22,192 வந்திருக்கும். மிச்சம் 173 ரூபாய்.

173 ரூபாய் என்றதும் "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் தவணைத் தொகை மாறாததால் அந்த 173 ஒவ்வொரு மாதமும் அசலில் கூடுதலாகக் கழிகிறது, அது கழிந்ததால் அதற்குண்டான வட்டியும் பிறகு வருவதில்லை. 20 வருடக் கடைசியில் அதெல்லாம் சேர்ந்து சுமார் 1,15,000 ரூபாய், அதாவது கடன் ஏறக்குறைய நான்கு தவணை முன்னதாகவே முடிந்துவிடும். மொத்த வட்டி 34.78 லட்சம் போகிற கடனில் இது பெரிய தொகையும் இல்லை, விட்டுவிடுகிற தொகையும் இல்லை.

எங்களுக்கும் மந்த்லி ரெஸ்ட்தான், 5ஆம் தேதிதான் இஎம்ஐ போகுது. அப்ப மாசம் 25 நாள் எனக்கு நஷ்டமா?

அவசரப்பட வேண்டாம். 5ஆம் தேதி போவது எந்த மாதத்துத் தவணை என்று முதலில் பாருங்கள். ஜூலை 5 அன்று போவது ஜூன் மாதத்துத் தவணை, அதை ஜூன் கடைசியிலேயே வந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் நஷ்டமே இல்லை, ஐந்து நாள் உங்களுக்கு லாபம்கூட. சில இடங்களில் மாதக் கணக்கே 5ஆம் தேதியிலிருந்து அடுத்த 4ஆம் தேதி வரை ஓடும், அங்கேயும் நஷ்டமில்லை.

ஜூலை மாதத்துத் தவணையை ஜூலை 5 அன்றே எடுத்துக்கொண்டு, ஜூலை 31 அன்றுதான் அசலில் கழிக்கிறார்கள் என்றால்தான் முந்தைய பதிலில் சொன்ன 173 ரூபாய் போகிறது. ஸ்டேட்மென்ட்டில் பணம் வந்த தேதியும் நிலுவை குறைந்த தேதியும் ஒன்றா வேறா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிப்ரவரியில வட்டி 20,552, மார்ச்ல 22,703 போட்டிருக்காங்க. சொல்லாம ரேட்டை ஏத்திட்டாங்களா?

ஏற்றவில்லை. உங்களுடையது டெய்லி ரெட்யூசிங் கணக்கு. பிப்ரவரிக்கு 28 நாள், மார்ச்சுக்கு 31 நாள், மூன்று நாள் வட்டி மட்டுமே இரண்டாயிரத்துக்கு மேல் வருகிறது. பிப்ரவரியில் உங்கள் தவணையிலிருந்து 6,440 ரூபாய் அசலுக்குப் போயிருக்கும், மார்ச்சில் 4,289தான் போயிருக்கும். இது ஒவ்வொரு வருடமும் நடக்கும். ஒரே ஒரு மாதத்தை எடுத்து ஒப்பிட்டால் எந்த வங்கியும் ஏமாற்றுவது போலத்தான் தெரியும். நிஜமாகவே ரேட் ஏறியிருந்தால் அடுத்தடுத்த மாதங்களிலும் அது தெரியும்.

எங்க பேங்க் எந்த முறையில போடுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கவுன்ட்டரில் கேட்காதீர்கள், ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். முந்தைய கேள்வியில் வந்த பிப்ரவரிதான் சோதனை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாத வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிப்ரவரி மட்டும் பள்ளமாக விழுந்தால் அது டெய்லி. மூன்றும் ஒரே சீராக முப்பது நாற்பது ரூபாய் வீதம் இறங்கிக்கொண்டே வந்தால் மந்த்லி ரெஸ்ட்.

எந்தத் தொகையால் வகுக்கிறார்கள் என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். நடுவில் பணம் எதுவும் கட்டாத ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு எக்செல்லில் இப்படிப் போடுங்கள், நிலுவை, வட்டி விகிதம், நாள்கள் மூன்றையும் மட்டும் உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

```
=3000000*9%*31/365
```

இதற்கு 22,932 வரும். ஸ்டேட்மென்ட்டில் அதைவிட 300 ரூபாய் போலக் கூடுதலாக இருந்தால் 365க்குப் பதில் 360ஆல் வகுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி வகுத்தால் 9% என்று சொன்னது நடைமுறையில் 9.125% ஆகிவிடும்; 30 லட்சத்துக்கு வருடம் 3,750 ரூபாய். டெய்லியா மந்த்லியா என்கிற விவாதத்தைவிட இது பெரிய ஓட்டை.

காகிதத்தில் வேண்டும் என்றால் கடன் ஒப்பந்தத்தில் வட்டி பற்றிய பிரிவில் இருக்கும். 2024 அக்டோபரிலிருந்து புதிய கடன்களுக்குத் தரும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்டில் வருடச் செலவு விகிதம் போட்டிருப்பார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் அது தவணை அட்டவணைப்படி எல்லாம் நடக்கும் என்ற கணக்கு. நீங்கள் நடுவில் கூடுதலாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதை அதில் தேடாதீர்கள்.

போனஸ் 3 லட்சம் வந்திருக்கு. பார்ட் பேமென்ட்டை உடனே கட்டட்டுமா, மாசக் கடைசியில கட்டட்டுமா?

டெய்லி என்றால் இன்றைக்கே கட்டுங்கள். 3 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 74 ரூபாய். 5ஆம் தேதி கட்டுவதற்குப் பதில் மாதக் கடைசியில் கட்டினால் 26 நாளுக்கு 1,923 ரூபாய் வீண்.

மந்த்லி ரெஸ்ட் என்றால் தலைகீழ். 5ஆம் தேதி கட்டினாலும் மாதக் கடைசியில்தான் கழியும் என்றால், அதுவரை அந்தப் பணம் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். சேமிப்புக் கணக்குக்கு 2010 ஏப்ரலிலிருந்து தினசரி நிலுவை அடிப்படையில்தான் வட்டி கொடுக்க வேண்டும், அதனால் 26 நாளுக்கும் ஏதோ கொஞ்சம் உங்களுக்கு வரும். ஆனால் கடைசி நாள் வரை இழுத்தடிக்காதீர்கள். பார்ட் பேமென்ட்டைக் கணக்கில் ஏற்ற ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கெடு தேதி வைத்திருக்கும், அதைத் தாண்டினால் அடுத்த மாதம்தான். அந்தத் தேதியை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் கட்டுவது பாதுகாப்பு.

தனிநபர் பெயரில் உள்ள ஃப்ளோட்டிங் ரேட் வீட்டுக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. வங்கிகளுக்கு இந்தத் தடை 2012லேயே வந்துவிட்டது.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு லட்சம் அதிகமா அனுப்பினேன், அசல் குறையவே இல்லையே?

கடன் கணக்குக்குப் பணம் அனுப்பினால் அது தானாக அசலில் கழிந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம். பல நிறுவனங்களில் அப்படி நடக்காது. நீங்கள் "இது பார்ட் பேமென்ட்" என்று தனியாக விண்ணப்பம் கொடுக்காவிட்டால் அந்தப் பணத்தை வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக ஒரு ஓரத்தில் வைத்துவிடுவார்கள். ஒரு லட்சத்துக்கு இரண்டு மாதம் என்றால் 1,500 ரூபாய் வட்டி சும்மா போயிருக்கிறது, டெய்லியா மந்த்லியா என்பதற்கு இங்கே வேலையே இல்லை.

பணம் அனுப்பியதற்கான ரசீதோடு, அனுப்பிய தேதியிலிருந்தே அசலில் கழித்துத் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். சில இடங்களில் செய்து தருகிறார்கள், சில இடங்களில் விண்ணப்பம் வந்த நாளிலிருந்துதான் என்பார்கள். இனிமேல் அனுப்பும்போது மறுநாளே நிலுவையைத் திறந்து பாருங்கள்.

இஎம்ஐ ஒரு வாரம் லேட்டானா டெய்லியில நிறைய வட்டி ஆகுமா?

26,992 ரூபாய்க்கு ஏழு நாள் வட்டி 47 ரூபாய். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆட்டோ டெபிட் திரும்பிப்போனதற்கு இரண்டு பக்கமும் போடும் கட்டணமும், தாமதக் கட்டணமும், சிபில் பதிவும்தான் நிஜமான அடி. தாமதத்துக்கு வட்டி விகிதத்தையே உயர்த்தி "அபராத வட்டி" போடும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் நிறுத்தச் சொன்னது. இப்போது அபராதத்தைக் கட்டணமாக மட்டுமே போடலாம், அந்தக் கட்டணத்துக்கு மேல் வட்டி போடக் கூடாது.

மந்த்லி ரெஸ்ட்டில் அந்த மாதத்துக்குள் எந்தத் தேதியில் கட்டினாலும் வட்டி ஒன்றே என்பதால் சம்பளம் தேதி தவறி வருகிறவர்களுக்கு அது கொஞ்சம் சாதகம். யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை, ஆனால் உண்மை.

ஒரு பேங்க் 9.10% டெய்லி, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி 9.00% மந்த்லி ரெஸ்ட். எது லாபம்?

9.10 சதவீதத்தில் தவணை 27,185 ரூபாய், 9.00 சதவீதத்தில் 26,992. மாதம் 193 ரூபாய் வித்தியாசம். டெய்லியால் கிடைப்பது, 5ஆம் தேதி கட்டுபவருக்கே 173 ரூபாய்தான் என்று மேலே பார்த்தோம். ஆக, வெறும் தவணை மட்டும் கட்டப்போகிறவருக்கு 9.00% மந்த்லி ரெஸ்ட் கொஞ்சம் மலிவு. நான்காவது கேள்வியில் சொன்னபடி அவர்கள் தவணையைக் கழிக்கும் தேதி உங்களுக்குச் சாதகமாக இருந்தால் இன்னும் மலிவு.

என் கணிப்பில் டெய்லிக்காக ரேட்டில் 0.05 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுத்தால் அடிக்கடி நடு மாதத்தில் பார்ட் பேமென்ட் செய்கிறவராக இருக்க வேண்டும். ரேட் குறையும்போது எந்த இடம் வேகமாகக் குறைக்கிறது என்பதைப் பார்ப்பதுதான் இந்த 0.05ஐவிட முக்கியம்.

எங்க அப்பா "ரெஸ்ட் கணக்குல ஏமாந்துடாதே, லட்சக்கணக்குல போகும்"னு சொல்றாரு. நீங்க இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க?

அப்பா சொல்வது அந்தக் காலத்து ஆண்டு ரெஸ்ட். 1990களில் வீட்டுக் கடனில் அது வழக்கமாக இருந்தது: மாதா மாதம் தவணை கட்டுவீர்கள், ஆனால் அசல் வருடத்துக்கு ஒரு முறைதான் குறையும். நம் கணக்கையே அதில் போட்டால் தவணை 27,387 ஆகிறது, மாதம் 395 ரூபாய் அதிகம். 9% என்று சொல்லி 9.2% வாங்குவதற்குச் சமம். அப்போது வட்டி விகிதமும் இன்றைவிட அதிகம், ஆகவே அடி இன்னும் பலமாக இருந்தது.

2002 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் மாத ரெஸ்ட்டில்தான் வட்டி போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. விவசாயக் கடனுக்கு மட்டும் விலக்கு, அறுவடைக்குத்தானே பணம் வரும். ஆண்டிலிருந்து மாதத்துக்கு வந்தபோது மிச்சமானதுதான் பெரிது. மாதத்திலிருந்து நாளுக்குப் போவதில் மிச்சமாக அவ்வளவு பாக்கி இல்லை.

கடன் 20ஆம் தேதிதான் கைக்கு வந்தது. முழு மாச வட்டியும் எடுத்துட்டாங்க. மந்த்லி ரெஸ்ட்டுன்னா அப்படித்தானாம்?

அப்படி இல்லை. 30 நாள் மாதத்தில் 20ஆம் தேதி வந்த 30 லட்சத்துக்கு 11 நாள் வட்டி, 8,137 ரூபாய். 22,500 எடுத்திருந்தால் 14,363 ரூபாய் அதிகம். மேலே பார்த்த எந்த மாதாந்திர வித்தியாசமும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

2024 ஏப்ரல் 29 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதைத்தான் பேசுகிறது. மாத நடுவில் கொடுத்த அல்லது அடைத்த கடனுக்கு முழு மாத வட்டி போடுவது, பணம் கொடுத்த நாளுக்குப் பதில் அனுமதித்த நாளிலிருந்தே வட்டி போடுவது, காசோலையில் உள்ள தேதியிலிருந்து வட்டி போட்டுவிட்டுக் காசோலையைப் பல நாள் கழித்துக் கையில் கொடுப்பது எல்லாமே நியாயமற்றது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். கண்டுபிடித்த இடங்களில் கூடுதல் வட்டியைத் திருப்பித் தரவும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இணையதளத்தில் புகார் செய்யலாம்.

ஓவர்டிராஃப்ட் வீட்டுக் கடன்ல சம்பளத்தையே போட்டு வச்சா வட்டி குறையும்னு சொல்றாங்களே?

குறையும், டெய்லி கணக்கின் முழுப் பலனும் தெரிவது அங்கேதான். ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெய்ன் இந்த வகை. 2 லட்சத்தை 15 நாள் போட்டுவைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டாலும் 740 ரூபாய் வட்டி குறைகிறது, பார்ட் பேமென்ட் போலப் பணம் போனது போனதுதான் என்ற கதை இல்லை.

ஆனால் இந்த வகைக்கு ரேட் கொஞ்சம் அதிகமாக வைப்பது வழக்கம். 0.25% அதிகம் என்று வைத்துக்கொண்டால் 30 லட்சத்துக்கு வருடம் 7,500 ரூபாய் கூடுதல். அதை ஈடுகட்டவே வருடம் முழுக்கச் சராசரியாக 81,000 ரூபாய் அந்தக் கணக்கில் கிடக்க வேண்டும். வியாபாரம் செய்கிறவர்களுக்கு அது சுலபம். 1ஆம் தேதி சம்பளம் வந்து 8ஆம் தேதிக்குள் காலியாகிவிடும் வீடுகளுக்குச் சாதாரணக் கடனே போதும்.

17ஆம் தேதி கடனை முழுசா அடைச்சு முடிக்கப்போறேன், மாசக் கடைசி வரைக்கும் வட்டி கேக்கறாங்க. கொடுக்கணுமா?

இருபதாம் தேதிக் கேள்விக்குச் சொன்ன அதே சுற்றறிக்கை இதற்கும் பொருந்தும். கடன் நிலுவையில் இருந்த நாள்களுக்குத்தான் வட்டி. 18 லட்சம் மீதி இருந்தால் ஒரு நாளுக்கு 444 ரூபாய், 17க்குப் பிறகு மீதி 13 நாளுக்கு 5,770 ரூபாய். ஃபோர்குளோஷர் லெட்டர் கேட்கும்போதே "எந்தத் தேதி வரை வட்டி, அதற்குப் பின் ஒரு நாளைக்கு எவ்வளவு" என்று இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மாத முடிவு வரைதான் லெட்டர் தருவோம் என்று பிடிவாதம் பிடித்தால், பத்திரம் கைக்கு வருவது தள்ளிப்போகாதபடி கேட்ட தொகையைக் கட்டிவிட்டு 13 நாள் வட்டியைத் திருப்பிக் கேட்டு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், பணம் கட்டிய ரசீதை அதோடு இணைத்து.